கடையின் பணம் எந்த அலமாரியில் நிற்கிறது? சரக்கை மதிப்பின்படி மூன்றாகப் பிரிக்கும் முறை

ஆண்டுக் கணக்கில் லாபம் தெரிகிறது, விற்பனையும் குறையவில்லை, ஆனால் சரக்கு கொடுத்தவருக்குப் பணம் கட்டும் நாளில் கையில் பணமில்லை. சில்லறைக் கடை நடத்துபவர்கள் பலர் சொல்லும் குறை இது. பணம் எங்கே என்று கேட்டால் "சரக்கில் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பதில் சரியானதுதான், ஆனால் எந்தச் சரக்கில் என்று அடுத்து கேட்டால் பெரும்பாலும் கண்மதிப்பாகவே பதில் வரும். "இது ஓடும் சரக்கு, அது ஓடாத சரக்கு" என்று கல்லாவில் இருப்பவரும் அலமாரியை அடுக்குபவரும் தங்கள் நினைவிலிருந்து சொல்வார்கள். அந்த நினைவு பொய்யானது அல்ல. ஆனால் ஒரு பொருளை எத்தனை முறை கையால் எடுத்துக் கொடுத்தோம் என்பதைத்தான் அது பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பொருள் வழியாக எவ்வளவு பணம் போய் வந்தது என்பதை அது பதிவதில்லை. "ஓடும் சரக்கு" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு அர்த்தங்களும் கலந்து கிடப்பதால்தான் தவறான இடத்தில் கொள்முதல் குறைக்கப்பட்டு, குறைக்க வேண்டிய இடம் கவனிக்கப்படாமல் போகிறது.

## எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு

ஒருவர் தினமும் பேருந்துக் கட்டணம் கொடுக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையின் கல்விக் கட்டணமும் கட்டுகிறார். பணப்பையை அதிகமுறை திறந்தது பேருந்துக்காகத்தான். ஆனால் ஆண்டு முடிவில் இரண்டையும் கூட்டிப் பார்த்தால், ஒரே ஒருமுறை கட்டிய தொகை பெரிதாக இருக்கக்கூடும். எத்தனை முறை என்பது ஒரு கேள்வி, எவ்வளவு தொகை என்பது இன்னொரு கேள்வி.

கடைக்கு மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. ஒரு வாய்க்காலில் நாள் முழுவதும் தண்ணீர் பாய்கிறது, பக்கத்தில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பாய்ந்த தண்ணீரை அளப்பதும் தேங்கிய தண்ணீரை அளப்பதும் வேறு வேறு அளவைகள். ஓர் ஆண்டில் ஒரு பொருள் வழியாகப் பாய்ந்த பணம் அதன் விற்பனை. இன்று அந்தப் பொருளாக அலமாரியில் நிற்கும் பணம் அதன் கையிருப்பு. முதலாவதை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டுவிட்டு "பணம் முடங்கிய இடம் தெரிந்துவிட்டது" என்று நினைப்பதுதான் இந்த முறையைப் பற்றிய மிகப் பரவலான தவறு. பணம் முடங்கிய இடம் தெரிய வேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

## நான்கு சொற்கள்

ஆண்டு மதிப்பு என்பது ஒரு பொருள் 12 மாதங்களில் விற்ற எண்ணிக்கையை, அந்தப் பொருள் ஒன்றின் கொள்முதல் விலையால் பெருக்கினால் வரும் தொகை. விற்பனை விலையை இங்கே எடுக்கக் கூடாது. சரக்கில் நிற்பது நாம் கொடுத்த பணம்தான், வரப்போகும் லாபம் இன்னும் பணமாகவில்லை. விற்பனை விலையில் கணக்கிட்டால், லாப விகிதம் அதிகமுள்ள மந்தமான பொருள்கள் தகுதியின்றிப் பட்டியலில் மேலே ஏறிவிடும்.

கையிருப்பு மதிப்பு என்பது இன்று கடையிலும் கிடங்கிலும் இருக்கும் எண்ணிக்கையை அதே கொள்முதல் விலையால் பெருக்கிய தொகை.

இருப்பு மாதங்கள் என்பது இப்போதுள்ள விற்பனை வேகத்தில் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்பது. கையிருப்பு மதிப்பை ஆண்டு மதிப்பால் வகுத்து 12 ஆல் பெருக்கினால் அது கிடைத்துவிடும்.

ஏ, பி, சி வகுப்புகள் என்பவை பொருள்களை ஆண்டு மதிப்பின் இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வரும்போது பிரிக்கப்படும் மூன்று பகுதிகள். மொத்த மதிப்பில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு வரை தரும் மேல்பகுதி ஏ, அடுத்து ஏறத்தாழ 15 விழுக்காடு தருவது பி, எஞ்சியது சி. பணத்தை அதிகமாகவும், நடுத்தரமாகவும், குறைவாகவும் நகர்த்தும் பொருள்கள் என்று இவற்றைப் புரிந்துகொள்ளலாம். இந்தப் பிரிவினை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபோர்டு டிக்கி 1951-இல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவியது. சிறிதளவு பொருள்களே பெரும்பங்கு மதிப்பைத் தாங்குகின்றன என்பதுதான் அதன் அடிப்படை.

இதுவரை சொன்னதன் சுருக்கம் இது: வகுப்பைத் தீர்மானிப்பது ஆண்டு மதிப்பு, முடக்கத்தைக் காட்டுவது இருப்பு மாதங்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

## பத்துப் பொருள்கள் உள்ள ஒரு கடை

மின்சாதனக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். உண்மையான கடையில் ஆயிரம் பொருள்கள் இருக்கலாம். கணக்கு விளங்குவதற்குப் பத்து போதும். தொகைகள் எந்த நாணயத்தில் இருந்தாலும் கணக்கு மாறாது.

| பொருள் | ஆண்டில் விற்றது | ஒன்றின் கொள்முதல் விலை | ஆண்டு மதிப்பு |
|---|---|---|---|
| மின்கம்பிச் சுருள் | 120 | 1,500 | 1,80,000 |
| தண்ணீர் மோட்டார் | 30 | 5,000 | 1,50,000 |
| மின்விசிறி | 90 | 1,500 | 1,35,000 |
| எல்.இ.டி. பல்பு | 600 | 75 | 45,000 |
| ஸ்விட்ச் | 1,200 | 25 | 30,000 |
| பிளக் | 500 | 40 | 20,000 |
| அலங்காரத் தொங்குவிளக்கு | 6 | 3,000 | 18,000 |
| எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் | 20 | 500 | 10,000 |
| இன்சுலேஷன் டேப் | 800 | 10 | 8,000 |
| பழைய மாடல் ரெகுலேட்டர் | 20 | 200 | 4,000 |

மொத்தம் 6,00,000. மேலிருந்து கூட்டினால் முதல் மூன்று பொருள்களிலேயே 4,65,000 வந்துவிடுகிறது. அது மொத்தத்தில் 77.5 விழுக்காடு. மூன்றாவது பொருளிலிருந்து நான்காவதுக்கு இறங்கும்போது மதிப்பு 1,35,000-இலிருந்து 45,000-ஆகச் சரிகிறது. கோடு போட வேண்டிய இடம் இத்தகைய சரிவுதான். 80 விழுக்காடு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பல்பையும் ஏ வகுப்பில் சேர்க்க வேண்டியதில்லை, அந்த எண் ஒரு வழிகாட்டி மட்டுமே. அடுத்த மூன்றும் பி வகுப்பு, அவற்றின் மதிப்பு 95,000. கடைசி நான்கும் சி வகுப்பு, அவற்றின் மதிப்பு 40,000.

இந்தப் பட்டியலை அந்தக் கடையில் வேலை செய்பவரிடம் காட்டினால் இரண்டு வரிகளை அவர் நம்ப மாட்டார். ஆண்டுக்கு 800 விற்கும் டேப் கடைசிக்கு முந்தைய வரியில் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டோ மூன்றோ மட்டும் போகும் மோட்டார் இரண்டாவது இடத்தில் நிற்கிறது. அவருடைய கை டேப்பைத்தான் அதிகம் எடுத்தது. ஆனால் 30 மோட்டார்கள் நகர்த்திய பணத்தை நகர்த்த 15,000 டேப்புகள் விற்க வேண்டும்.

## கையிருப்பைப் பக்கத்தில் வைக்கும்போது

இனி அதே பொருள்களின் கையிருப்பு.

| பொருள் | வகுப்பு | கையிருப்பு | கையிருப்பு மதிப்பு | இருப்பு மாதங்கள் |
|---|---|---|---|---|
| மின்கம்பிச் சுருள் | ஏ | 10 | 15,000 | 1 |
| தண்ணீர் மோட்டார் | ஏ | 5 | 25,000 | 2 |
| மின்விசிறி | ஏ | 15 | 22,500 | 2 |
| எல்.இ.டி. பல்பு | பி | 100 | 7,500 | 2 |
| ஸ்விட்ச் | பி | 300 | 7,500 | 3 |
| பிளக் | பி | 125 | 5,000 | 3 |
| அலங்காரத் தொங்குவிளக்கு | சி | 15 | 45,000 | 30 |
| எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் | சி | 15 | 7,500 | 9 |
| இன்சுலேஷன் டேப் | சி | 400 | 4,000 | 6 |
| பழைய மாடல் ரெகுலேட்டர் | சி | 55 | 11,000 | 33 |

மொத்தக் கையிருப்பு 1,50,000. கடை முழுவதற்கும் சேர்த்து இருப்பு மாதங்களைக் கணக்கிட்டால் 3 வருகிறது. "மூன்று மாதச் சரக்குதான் இருக்கிறது" என்று கேட்கும்போது குறை எதுவும் தெரியாது. கடையின் மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்திலேயே நிறைவடைந்து நின்றுவிடுவார்.

வகுப்புவாரியாகப் பிரித்தால் தோற்றம் மாறுகிறது. ஆண்டு மதிப்பில் 77.5 விழுக்காடு தரும் ஏ வகுப்பில் கையிருப்புப் பணத்தின் 42 விழுக்காடு நிற்கிறது, அது ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு வரும். ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடுகூடத் தராத சி வகுப்பில் கையிருப்புப் பணத்தின் 45 விழுக்காடு நிற்கிறது, அது 20 மாதத்துக்கு வரும். கடையின் பணத்தில் ஏறத்தாழ பாதி, கடையின் வியாபாரத்தில் பதினைந்தில் ஒரு பங்கைச் செய்துகொண்டிருக்கிறது.

அந்த 45 விழுக்காட்டுக்குள்ளும் இரண்டு பொருள்களே காரணம். தொங்குவிளக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்து 56,000. மூன்று மாதத் தேவையாக இரண்டு விளக்குகளையும் ஐந்து ரெகுலேட்டர்களையும் வைத்துக்கொண்டால் 7,000 போதும். மீதி 49,000, அதாவது மொத்தக் கையிருப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, முடங்கிய பணம். சரக்குக்காரருக்குக் கட்ட முடியாமல் தேடிய பணம் இதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், மொத்தக் கணக்கின் சராசரி முடக்கத்தை மறைத்தது, வகுப்பு அது இருக்கும் பகுதியைக் காட்டியது, பொருள்வாரியான இருப்பு மாதங்கள் அதன் பெயரைச் சொன்னது.

விரிதாளில் இதைச் செய்ய B நிரலில் விற்ற எண்ணிக்கை, C-இல் கொள்முதல் விலை, E-இல் கையிருப்பு எண்ணிக்கை என்று எழுதிக்கொண்டு, ஆண்டு மதிப்பு (D), கையிருப்பு மதிப்பு (F), இருப்பு மாதங்கள் (G) ஆகியவற்றுக்கு முறையே இந்தச் சூத்திரங்களைப் போட்டு, D நிரலின்படி இறங்குவரிசையில் அடுக்கினால் போதும்.

```
D2: =B2*C2
F2: =E2*C2
G2: =IF(D2=0,"விற்கவில்லை",F2/D2*12)
```

ஓராண்டில் ஒன்றுகூட விற்காத பொருளுக்கு வகுத்தல் நடக்காது. அதற்காகவே மூன்றாவது சூத்திரத்தில் அந்த நிபந்தனை. அப்படி வரும் வரிகளைத் தனியே எடுத்து முதலில் பார்க்க வேண்டும்.

## சி என்றால் வேண்டாத சரக்கு என்று பொருளல்ல

இந்தப் பகுப்பைச் செய்து முடித்தவுடன் பலர் செய்வது சி வகுப்பு முழுவதையும் குறைப்பது. நம் கடையில் அப்படிச் செய்தால் டேப்பும் குறையும். டேப்பில் ஆறு மாதச் சரக்கு இருக்கிறது என்றாலும் அதில் நிற்பது 4,000 மட்டுமே, அது ஒரு மோட்டாரின் கொள்முதல் விலையைவிடக் குறைவு. அதைப் பாதியாக்கினால் விடுபடுவது 2,000. ஆனால் கம்பிச் சுருள் வாங்க வருபவர் டேப்பையும் சேர்த்துத்தான் கேட்பார், ஒன்று இல்லையென்றால் இரண்டையும் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார். மலிவான, அடிக்கடி கேட்கப்படும் சி பொருளைத் தாராளமாக வாங்கி வைத்துவிட்டு அதைப் பற்றி மறந்துவிடுவதே சரி. வாரந்தோறும் அதை எண்ணிப் பார்க்கும் உழைப்பை மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் கொடுக்க வேண்டும். ஒரு மோட்டார் தேவைக்கு அதிகமாக வாங்கினாலே 5,000 நின்றுவிடும் என்பதால் ஏ வகுப்பைக் குறைவாகவும் அடிக்கடியும் வாங்குவது நல்லது.

ஆகவே சி வகுப்பில் வரும் ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இதில் நிற்கும் தொகை பொருட்படுத்தத்தக்கதா? இது இல்லாவிட்டால் வேறு விற்பனை கெடுமா? தொங்குவிளக்குக்கு முதல் பதில் ஆம், இரண்டாவது இல்லை. டேப்புக்கு நேர் எதிர்.

## கடனுக்கு வாங்கிய சரக்கிலும் பணம் முடங்கும்

"அந்தச் சரக்கு கடனுக்குத்தானே வந்தது, என் பணம் அதில் இல்லையே" என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இந்த எண்ணம் கம்பிச் சுருளுக்குப் பொருந்தும். சரக்குக்காரர் 30 நாள் தவணை கொடுத்திருந்தால், ஒரு மாதச் சரக்கு ஏறத்தாழ தவணை நாளுக்குள் விற்றுப் பணமாகிவிடும், விற்ற பணத்தையே எடுத்துக் கட்டலாம். அதே 30 நாள் தவணையில் வந்த தொங்குவிளக்குக்கு இது பொருந்தாது. தவணை நாளில் 15 விளக்குகளில் ஒன்றுகூட விற்றிருக்காமல் போகலாம், ஆனால் 45,000 கட்டியாக வேண்டும். அந்தத் தொகை கம்பியும் மின்விசிறியும் விற்ற பணத்திலிருந்துதான் போகும். ஓடும் சரக்கின் பணத்தை ஓடாத சரக்கு எடுத்துக்கொள்வது இப்படித்தான், பிறகு கம்பி வாங்கப் பணம் போதாமல் அலமாரி காலியாகிறது. ஒரு பொருளின் இருப்பு மாதங்கள் அதன் தவணைக் காலத்தைத் தாண்டும் அளவுக்கு நம் சொந்தப் பணம் அதில் நிற்கிறது என்று கொள்ள வேண்டும்.

## முடங்கியதை விடுவித்தல்

முதல் வேலை அந்தப் பொருளுக்கு மறு கொள்முதலை நிறுத்துவது. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், பத்துக்கு மேல் வாங்கினால் தள்ளுபடி என்ற சலுகையில்தான் 15 விளக்குகளும் வந்திருக்கும் என்பதால், யார் எந்த அதிகாரத்தில் வாங்குகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்து சரக்குக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா, அல்லது வேறு பொருளாக மாற்றிக் கொடுப்பாரா என்று கேட்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் விலையைக் குறைத்து விற்பது.

கொள்முதல் விலைக்கும் கீழே விற்கப் பலர் தயங்குவார்கள். 13 விளக்குகளை 20 விழுக்காடு நட்டத்தில் விற்றால் 39,000-க்கு 31,200 கிடைக்கும், 7,800 போகும். இந்த நட்டம் தகுமா என்பது விடுபட்ட பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. கம்பிச் சுருள் அடிக்கடி தீர்ந்துபோய் வாடிக்கையாளர்கள் திரும்பிப் போகிறார்கள் என்றால், மாதம் ஒருமுறை சுழலும் அந்தச் சரக்கில் போட்ட பணம் சில மாதங்களிலேயே நட்டத்தை ஈடுகட்டக்கூடும். வட்டிக் கடன் இருந்தால் அதை அடைக்கலாம். ஆனால் கம்பி ஒருபோதும் தீர்ந்துபோவதில்லை, கடனும் இல்லை என்றால், விடுபட்ட பணம் கல்லாவில்தான் நிற்கும். அப்போது அவசரப்பட்டு நட்டத்தில் விற்பதைவிட ஓராண்டு பொறுத்துக் கொள்முதல் விலைக்கே விற்பது மேலானதாக இருக்கலாம். ரெகுலேட்டர் போல மாடல் பழையதாகிக்கொண்டிருக்கும் பொருளுக்கு மட்டும் பொறுத்திருக்க இடமில்லை. அதன் விலை ஒவ்வொரு மாதமும் தானாகவே குறைந்துகொண்டிருக்கிறது.

## கணக்கு தவறாகப் பேசும் இடங்கள்

பருவத்துக்கு மட்டும் விற்கும் பொருளை மூன்று மாதக் கணக்கை வைத்து வகைப்படுத்தினால், பருவத்தில் அது ஏ ஆகவும் மற்ற நேரத்தில் சி ஆகவும் தெரியும். அதனால்தான் 12 மாதக் கணக்கு. இரண்டு மாதத்துக்கு முன் அறிமுகமான பொருளுக்கு ஆண்டுக் கணக்கே இல்லை, அதைப் பட்டியலில் சேர்க்காமல் தனியே கவனிக்க வேண்டும். கணினியில் உள்ள கையிருப்பும் அலமாரியில் உள்ளதும் ஒத்துப்போகாத கடையில், முதலில் ஏ வகுப்புப் பொருள்களையும் அதிக மாதங்கள் காட்டும் பொருள்களையுமாவது கையால் எண்ணிவிட்டுத்தான் இருப்பு மாதங்களை நம்ப வேண்டும்.

இவற்றைவிட ஆழமான தவறு, எதை ஒரு பொருள் என்று எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. நம் பட்டியலில் மின்விசிறி ஒரே வரி. கையிருப்பு 15, இரண்டு மாதச் சரக்கு, ஏ வகுப்பு, குறையில்லை. அந்த வரியை நிறம்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், ஆண்டில் விற்ற 90-இல் 84 வெள்ளை, 6 பழுப்பு என்றும், கையிருப்பில் வெள்ளை 4, பழுப்பு 11 என்றும் இருக்கக்கூடும். அப்படியானால் வெள்ளை 17 நாளில் தீர்ந்துவிடும், பழுப்பு 22 மாதத்துக்கு நிற்கும். ஒரே வரியாக எழுதியபோது ஒன்றின் பற்றாக்குறையும் மற்றொன்றின் தேக்கமும் சேர்ந்து "இரண்டு மாதம்" என்ற நல்ல எண்ணாகத் தெரிந்தன. பழுப்பு மின்விசிறிகளில் நிற்கும் 16,500, ரெகுலேட்டரில் முடங்கியதைவிடப் பெரிய தொகை. நிறம், அளவு, மாடல் என்று வாடிக்கையாளர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏற்காத வேறுபாடு எதுவோ, அந்த வேறுபாடுவரை வரிகளைப் பிரித்து எழுதிய பிறகே அடுக்கத் தொடங்க வேண்டும்.